உதட்டுக்கு எழுதுவதா, பொருளுக்கு எழுதுவதா?

டப்பிங் வசனம் எழுதும்போது பொருளை முழுதாகக் கொண்டுவரலாம், அல்லது உதட்டசைவுக்கு ஏற்றபடி வெட்டலாம். முகம் திரையை நிறைக்கும் குளோசப்பில் ‘ஐ நீட் டைம்’ என்ற வரியைப் பாருங்கள். மூன்றே அசை, கடைசி ‘ம்’மில் உதடு மூடுகிறது.

பொருளைப் பிடித்தால், ‘எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்’. ஒன்பது அசை. மூன்று அசைக்கான நேரத்தில் இதைத் திணித்தால் குரல் ஓடும், தயக்கம் போய்விடும். ‘எனக்கு நேரம் தேவை’ என்றால் இன்னும் மோசம்: நடிகரின் உதடு மூடியிருக்கும்போது குரல் வாய் திறந்து முடியும்.

உதட்டைப் பிடித்தால், ‘நேரம் வேணும்’. நான்கு அசை, முடிவில் உதடும் மூடும். ஆனால் பேச்சுத் தமிழில் கடைசி ‘ம்’ மூக்கொலியாகக் கரைந்துவிடும். ‘நேரம்’ அப்படிக் கரைவது நல்லதே, அங்கே நடிகரின் உதடு மூடுவதில்லை. ‘வேணும்’ மட்டும் அழுத்தமாக மூடப்பட வேண்டும். குரல் சற்றுப் பிந்தினால்கூடப் பொறுக்கலாம், முந்தினால் உடனே உறுத்தும்.

இதில் இழப்பது ‘எனக்கு’. மற்றவர்கள் முடிவெடுத்துவிட்ட காட்சியில் அந்தச் சொல்தான் உயிர். அப்போது ‘எனக்கு டைம் வேணும்’ என்று ஆறு அசைக்குப் போய், நடிகர் பேசத் தொடங்கும் முன் வரும் மூச்சிலேயே ‘எனக்கு’வைத் தொடங்கலாம். மூச்சுக்கு வாய் திறந்திருந்தால்தான் இது எடுபடும். முதுகு தெரியும் ஷாட்டிலோ தூர ஷாட்டிலோ ஒன்பது அசையையும் தாராளமாகப் பேசலாம்.