வயிற்றில் சிவப்புப் புள்ளி, விரலில் சதைமுளை

கடலூர் முதுநகரில் இருக்கும் என் சித்திக்கு வயது அறுபத்திரண்டு. வயிற்றிலும் முதுகிலும் குங்குமத்தைக் குச்சியால் தொட்டு வைத்ததுபோல் முப்பதுக்கும் மேற்பட்ட சிவப்புப் புள்ளிகள் அவருக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் அவற்றை ரத்த மச்சம் என்பார்கள். மருத்துவப் பெயர் செர்ரி ஆஞ்சியோமா. இத்தனை புள்ளிகளைக் கண்டு புற்றுநோயோ என்று பயந்த சித்தி, கெளுத்தி மீன் ஆயும்போது முள் குத்திய ஆள்காட்டி விரலில் மூன்றே வாரத்தில் முளைத்த சிவப்புச் சதையை மட்டும் பாலுண்ணி என்று ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கவலை இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

இரண்டுமே ரத்த நுண்குழாய்களின் பெருக்கம்தான் என்பதால் நிறத்தை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாது. செர்ரி ஆஞ்சியோமாவில் தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே நுண்குழாய்கள் விரிந்து ரத்தம் தேங்கி நிற்கும். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டாகத் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணிக்கை கூடும்; ஒவ்வொன்றும் கடுகு முதல் மிளகு வரையிலான அளவோடு நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறுவை மருத்துவர் கேம்ப்பெல் டி மோர்கன் இவற்றைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தினார். அத்தொடர்பு பின்னாளில் நிலைக்கவில்லை, அவர் பெயர் மட்டும் இப்புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டது.

விரலில் வந்தது வேறு வகை; மருத்துவப் பெயர் பையோஜெனிக் கிரானுலோமா. அது சில வாரங்களில் வளரும், பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக வரும், விரல், உதடு, முகம், கர்ப்பிணிகளுக்கு ஈறு ஆகிய இடங்களை நாடும். சித்தியின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பட்டாணி அளவில் ஈரமாக மின்னிய சதை ஒரு குறுகிய காம்பின்மேல் நின்றது. காம்பைச் சுற்றி உரிந்த வெள்ளைத் தோல் சட்டைக் காலர்போல் இருந்தது. முந்தானை உரசியதற்கே ரத்தம் வழிந்து, துணியை அழுத்திப் பிடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் நின்றது. வயிற்றுப் புள்ளிகளும் நகம் பட்டுக் கீறினால் ரத்தம் கசியும்; ஆனால் காரணமில்லாமல் மீண்டும் மீண்டும் கசிவது அவற்றின் இயல்பன்று.

கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தி, சிவப்பு மறைகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. இந்த ஒப்பீட்டுக்கு அது உதவாது என்பேன். செர்ரி ஆஞ்சியோமா பல நேரம் முழுதாக வெளுக்காது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து தோலுக்குள் ரத்தம் கசிந்த புள்ளிகளும் வெளுக்காது. காய்ச்சலோடு ஓரிரு நாளில் கால்களில் தட்டையாகப் பரவும் புள்ளிகளுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தம்ளரைவிட நாள்காட்டி நம்பகமானது.

புதுச்சேரியில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் முதலில் கேட்டதும், “எத்தனை நாளாக இருக்கிறது அம்மா?” என்பதுதான். டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியை வயிற்றில் வைத்துக் காட்டினார்: வெளிறிய கோடுகளால் பிரிக்கப்பட்ட சிவப்புக் குளங்கள் தெரிந்தன. ஒரு புள்ளி மட்டும் கறுத்திருந்தது. உள்ளே ரத்தம் உறைந்தால் அப்படிக் கறுக்கும் என்றும், ஆனால் வெறுங்கண்ணுக்கு அது மெலனோமா என்னும் தோல் புற்றைப் போலவே இருக்கும் என்பதால் கறுத்ததை வீட்டிலேயே முடிவு செய்யாமல் காட்டிவிட வேண்டும் என்றும் விளக்கினார்.

விரலைப் பார்த்தவுடன் பையோஜெனிக் கிரானுலோமா என்று சந்தேகித்தார். பையோஜெனிக் என்றால் சீழ் உண்டாக்குவது என்று பொருள்; பெயரில் சீழ் இருந்தாலும் நோயில் சீழ் கிடையாது. விரலை மரத்துப்போகச் செய்து, சதையைச் சீவி, அடியைச் சுரண்டி, மின்சாரத்தால் சுட்டார். சீவியதை எறியாமல் பார்மலின் புட்டியில் போட்டு திசுப் பரிசோதனைக்கு அனுப்பியதுதான் இதில் தவிர்க்கக் கூடாத படி. நிறமில்லா மெலனோமாவும் வேறு சில தோல் புற்றுகளும் இதே சிவப்பில், இதே கசிவோடு வரக்கூடும். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வருவதே பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான். சதையைத் தலைமுடியால் கட்டி உதிர வைப்பவர்களும் சுண்ணாம்பு வைத்துக் கரைப்பவர்களும் பரிசோதிக்க வேண்டிய திசுவையே தொலைத்துவிடுகிறார்கள்.

அறிக்கை நல்லபடியாக வந்தது. அடியில் மிச்சம் இருந்தால் மறுபடி முளைக்கும் என்பதால் சில வாரங்கள் விரலைக் கவனிக்கச் சொன்னார்கள். வயிற்றுப் புள்ளிகளை லேசரில் எடுக்கலாமா என்று சித்தி கேட்டார். அழகுக்காக என்றால் எடுக்கலாம், நோய்க்காக என்றால் தேவையில்லை என்று பதில் வந்தது. “புடவைக்குள்ள இருக்கறதுக்கு எதுக்கு செலவு” என்று சித்தி எழுந்துவிட்டார்.