போனஸ் நாளில் ஆர்.எஸ்.ஐ. 11: சரிசெய்யாத விலைத் தரவோடு நீண்ட நாள் பழகியதில் தெரிந்தவை

என்.எஸ்.இ. தினமும் மாலையில் வெளியிடும் பாவ்காப்பி, யாஹூவிலிருந்து எடுக்கும் `yfinance`, டிரேடிங்வியூ சார்ட். இந்த மூன்றையும் பல வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் ஒன்று தெளிவாகிவிட்டது: இண்டிகேட்டர் தப்பாக வந்தால் ஃபார்முலாவில் பிழை தேடுவது பெரும்பாலும் வெட்டி வேலை. விலைத் தரவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரிலையன்ஸின் 1:1 போனஸை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்-தேதி 2024 அக்டோபர் 28. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் சுமார் 2,655 ரூபாயில் முடிந்த பங்கு, அன்று சுமார் 1,334-ல் முடிந்தது. 2,655-இன் பாதி 1,327.50. அதாவது உண்மையில் பங்கு அரை சதவீதம் ஏறிய நாள் அது. பாவ்காப்பியை அப்படியே அடுக்கி வைத்திருக்கும் கோப்பிலோ 1,321 ரூபாய் விழுந்த நாள்.

இந்தப் பொய்யான வீழ்ச்சி 14 நாள் ஆர்.எஸ்.ஐ.யில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்தைய நாள் சராசரி ஏற்றம் 15, சராசரி இறக்கம் 20 என்று வைத்துக்கொண்டால் ஆர்.எஸ்.ஐ. 43. வைல்டர் முறைப்படி புதிய சராசரி இறக்கம் (20 × 13 + 1,321) ÷ 14, அதாவது 113. சராசரி ஏற்றம் 13.9. ஆர்.எஸ்.ஐ. 11-க்கு வந்துவிடும். “30-க்குக் கீழே போனால் வாங்கு” என்று எழுதிய ஸ்கேனர் அன்று மாலையே கொடியைத் தூக்கும்.

ஒரு நாளோடு தொல்லை முடிந்தால் பரவாயில்லை. வைல்டர் சராசரி எதையும் சீக்கிரம் மறக்காது. ஒவ்வொரு நாளும் பழைய எண்ணில் 14-இல் 13 பங்கை வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பங்கின் சராசரி ஏற்றமும் சராசரி இறக்கமும் சமமாக, தலா 8 ரூபாய் அளவில் இருந்தால் ஆர்.எஸ்.ஐ. 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் 14 நாள் கழித்தும் 18-தான் காட்டும். 50 நாள் கழித்துகூட 43. இந்தக் கடைசி எண்தான் ஆபத்தானது. 11-ஐப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், 43-ஐப் பார்த்தால் வராது.

சிம்பிள் மூவிங் ஆவரேஜில் வேறு மாதிரி கெடும். பழைய விலை 2,700 அளவில் இருந்தால், 50 நாள் சராசரி தினமும் ஏறக்குறைய 27 ரூபாயும், 200 நாள் சராசரி 7 ரூபாயும் இறங்கிக்கொண்டே போகும். 50 நாள் கோடு மேலே இருந்திருந்தாலும் சில நாட்களில் 200 நாள் கோட்டை வெட்டிக் கீழே போய்விடும். ஜன்னல் முழுவதும் புது விலையால் நிரம்ப 200 வர்த்தக நாள் வேண்டும். அதுவரை “200 நாள் சராசரிக்கு மேலே இருப்பவை” என்ற வடிகட்டியில் அந்தப் பங்கு தலைகாட்டுவது அரிது. வால்யூமையும் மறந்துவிடக் கூடாது. ஒன்று ஐந்தாகப் பிரிந்தால் அதே பணத்துக்கு ஐந்து மடங்கு பங்குகள் கைமாறும். பழைய வால்யூமை ஐந்தால் பெருக்காவிட்டால் எக்ஸ்-தேதியிலிருந்து தினமும் பிரேக்அவுட்தான்.

சரிசெய்யும் காரணியை எழுதும்போது போனஸையும் ஸ்பிளிட்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு. போனஸ் 1:2 என்றால் கையில் உள்ள இரண்டுக்கு ஒன்று புதிதாக வரும்; இரண்டு மூன்றாகும்; காரணி 2/3. முகமதிப்பு 10-லிருந்து 2 ஆனால் ஒன்று ஐந்தாகும், காரணி 1/5. டிவிடெண்டுக்கு, எக்ஸ்-தேதிக்கு முந்தைய முடிவு விலையைக் கொண்டு 1 − (டிவிடெண்ட் ÷ விலை). ஒரு நாளுக்கான மொத்தக் காரணி, அதற்குப் பின் வந்த எல்லா நிகழ்வுகளின் பெருக்கல்:

```python
# ratio: சாதாரண நாளில் 1, 1:1 போனஸில் 0.5
e = (1 - df["div"] / df["close"].shift(1)) * df["ratio"]
k = e[::-1].cumprod()[::-1].shift(-1).fillna(1)
df["adj"] = df["close"] * k
```

ஓப்பன், ஹை, லோ மூன்றையும் அதே `k`-ஆல் பெருக்க வேண்டும். முடிவு விலையை மட்டும் சரிசெய்துவிட்டு ஏ.டி.ஆர். போட்டால் பழைய நாட்களில் முடிவு விலை அன்றைய லோவுக்கும் கீழே உட்கார்ந்திருக்கும். வால்யூமுக்கு `ratio`-வை மட்டும் வைத்துத் தனிக் காரணி எடுத்து, அதால் வகுக்க வேண்டும். டிவிடெண்ட் அதில் சேராது.

டிவிடெண்டைச் சேர்க்க வேண்டுமா என்பதில் எங்கள் கருத்து: ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கொடுக்கும் நிறுவனத்தில், குறுகிய கால இண்டிகேட்டருக்குச் சேர்க்காவிட்டாலும் குடி முழுகாது. வேதாந்தா போன்ற பங்கில் அப்படி விட முடியாது. 2022-23 நிதியாண்டுக்கு அந்த நிறுவனம் ஐந்து தவணையாகப் பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. கடைசித் தவணை 20.50. முந்தைய விலை 280 என்று வைத்தால் காரணி 0.927, அதாவது டிவிடெண்டால் மட்டும் 7 சதவீதத்துக்கு மேல் இறக்கம். 5 சதவீத ஸ்டாப்லாஸ் வைத்த பேக்டெஸ்ட் அங்கே நஷ்டத்தில் வெளியேறியதாக எழுதும். கைக்கு வந்த டிவிடெண்டை எங்கேயும் வரவு வைக்காது.

யாஹூ தரவில் ஒரு கண்ணி இருக்கிறது. `auto_adjust=False` கொடுத்தால் வருவது அன்றைய அசல் விலை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வரும் `Close` ஸ்பிளிட்டுக்கும் போனஸுக்கும் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது; டிவிடெண்டும் சேர்ந்தது `Adj Close`. அந்த `Close`-ஐ மறுபடியும் பாதியாக்கினால் போனஸ் நாளில் விலை இரு மடங்காகத் தாவும். `dividends` பட்டியலும் ஸ்பிளிட்டுக்குச் சரிசெய்ததுதான். நெஸ்லே இந்தியா 2023 அக்டோபரில் 140 ரூபாய் அறிவித்தது. 2024 ஜனவரி 5 முதல் பங்கு பத்தாகப் பிரிந்ததால் பட்டியலில் அது 14 ஆகிவிடும். அந்த 14-ஐ, 24,000 அளவில் இருந்த பாவ்காப்பி விலையோடு வகுத்தால் டிவிடெண்டில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் ஏறும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பதே நல்லது.

டீமெர்ஜர் பல நேரம் ஸ்பிளிட் பட்டியலிலும் வராது, டிவிடெண்ட் பட்டியலிலும் வராது. 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது என்.எஸ்.இ.யில் ரிலையன்ஸின் முந்தைய முடிவு 2,841.85, சிறப்பு அமர்வில் கிடைத்த விலை 2,580. காரணி 0.908. பட்டியலில் இல்லாவிட்டால் இதை நாமே கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சரிசெய்த தொடரில் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்த நாட்களைப் பட்டியலிடுவது. எஃப்&ஓவில் இல்லாத பங்குகளுக்குப் பொதுவாக 20 சதவீதம்தான் சர்க்யூட் எல்லை. விகிதம் 0.5, 0.67, 0.2, 0.1 பக்கம் இருந்தால் விட்டுப்போன போனஸோ ஸ்பிளிட்டோதான்.

கோப்பில் தினமும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் அசல் விலையையும் நிகழ்வுகளையும் தனித்தனியாக வைத்து, `adj`-ஐ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். நேற்று சேமித்த இ.எம்.ஏ. பழைய அளவுகோலில் இருக்க, இன்றைய விலை புது அளவுகோலில் வந்தால், தரவு சரியாக இருந்தும் எம்.ஏ.சி.டி. உடையும். அசல் விலை இன்னொரு வேலைக்கும் வேண்டும். “100 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்கு வேண்டாம்” என்ற விதியைச் சரிசெய்த விலையில் ஓட்டினால், அன்று 600-க்கு விற்ற பங்கு, பின்னால் பத்தாகப் பிரிந்ததால் 60 என்று கழிந்துவிடும். அன்று யாருக்கும் தெரியாத செய்தியை வைத்து பேக்டெஸ்ட் முடிவெடுத்ததாகிறது. அந்த ஒரு விதிக்கு மட்டும் `close`, மற்றதற்கெல்லாம் `adj`.