வெளிநாட்டுப் பணம் "இன்னும் வரலை" என்று வங்கியில் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, தோல் வேலையை வெளிநாட்டுக்குச் செய்துகொடுத்துக் கணக்கில் டாலர் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணக்கு வேலூரில் ஒரு கிளையில் இருக்கிறது. வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த வங்கியிலும் இது நடக்கலாம்.

ஷூ பேட்டர்ன் வரைந்துகொடுத்ததற்கு ஹாங்காங் கம்பெனி ஒன்று 2,400 டாலர் அனுப்பியது. இரண்டாவது வாரமும் கணக்கில் ஏறவில்லை. கிளையில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "இன்னும் வரலை சார், நியூயார்க்குல மாட்டியிருக்கும். அனுப்பினவங்களையே கேளுங்க."

நியூயார்க் என்பது பொய் இல்லை. ஹாங்காங்கிலிருந்து வேலூருக்கு வந்தாலும் டாலர் பெரும்பாலும் அமெரிக்கா வழியாகத்தான் போகும். அனுப்பும் வங்கிக்கு அங்கே ஒரு இடைத்தரகு வங்கி இருக்கும். நம் வங்கியும் அங்கே ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும், அதற்கு நாஸ்ட்ரோ என்று பெயர். பணம் முதலில் அந்த நாஸ்ட்ரோவில் விழும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நம் வங்கியின் கையில்தான் இருக்கிறது.

அது எங்கே நிற்கிறது என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். வங்கிகள் நாடு விட்டு நாடு பணச் செய்தி அனுப்பும் வலைப்பின்னலுக்கு ஸ்விப்ட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்விப்ட் பரிமாற்றத்துக்கும் UETR என்று 36 எழுத்து நீளத்தில் ஒரு எண் உண்டு. அனுப்பியவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து அவருடைய வங்கியால் பணம் போகும் வழியைப் பார்க்க முடியும். ஹாங்காங்காரர்கள் பார்த்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் `ACSP/G003` என்று இருந்தது. பெறுபவரின் வங்கி, பெறுபவரிடமிருந்து ஆவணங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதாவது பணம் நியூயார்க்கைத் தாண்டி எங்கள் வங்கியிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. `G004` என்று இருந்திருந்தால்தான் பணத்துக்காகவே வங்கி காத்திருக்கிறது என்று ஆகும்.

அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சென்னையில் இருக்கும் அந்நியச் செலாவணிப் பிரிவு இன்வாய்ஸையும், பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும், P-யில் தொடங்கும் நோக்கக் குறியீட்டையும் கேட்டுக் கிளைக்கு மெயில் அனுப்பியிருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு தாள் கொடுத்தால் முடிகிற வேலை, நியூயார்க் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. பன்னாட்டுத் தீர்வு வங்கி 2022-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: நேரம் அதிகமாகப் போவது நடுவழியில் அல்ல, பெறுபவரின் வங்கியில்.

சரி, பணம் ஏறியது. ஏறிய தொகை ஏறக்குறைய 1,99,048 ரூபாய். அன்றைய சந்தை விலை டாலருக்கு 85.60. முழுசாக வந்திருந்தால் 2,05,440 ரூபாய் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 6,400 ரூபாய் குறைகிறதே என்று கேட்டால், "ஃபாரின் பேங்க் சார்ஜ் சார்" என்றார்கள்.

ஸ்விப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்கினேன். கட்டண முறை SHA என்று இருந்தது. அப்படியென்றால் வழியில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தை அனுப்பிய தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம். 71F என்ற வரிகளில் ஒரு வங்கி 20 டாலரும் இன்னொன்று 10 டாலரும் எடுத்தது தெரிந்தது. ரூபாயில் 2,568. மிச்சம் எங்கே போனது? எங்கள் வங்கி ஒரு டாலரை 84.10 ரூபாய்க்குத்தான் எடுத்துக்கொண்டது. ஒன்றரை ரூபாய் வித்தியாசம் 2,370 டாலருக்கு 3,555 ரூபாய் ஆகிறது. நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி சுமார் 269 ரூபாய். ஆக, போன பணத்தில் பாதிக்கு மேல் எந்த ஃபாரின் பேங்கும் எடுக்கவில்லை. வேலூரில் கணக்கு வைத்திருக்கும் அதே வங்கி, விலையில் எடுத்தது. ரசீதில் அதற்குக் கட்டணம் என்று ஒரு வரிகூட இருக்காது, அதனால் கண்ணில் படுவதும் இல்லை.

அனுப்புகிறவரை OUR முறையில் அனுப்பச் சொல்லலாம், அப்போது வழிக் கட்டணம் அவர் தலையில் விழும். ஆனாலும் சில வங்கிகள் நடுவில் கழித்துவிடுவது உண்டு. இந்த விலை வித்தியாசத்தை அது தொடவே தொடாது. அதற்குப் பணம் வருவதற்கு முன்பே கிளை வழியாகச் செலாவணிப் பிரிவிடம் விலை பேச வேண்டும். கேட்காதவர்களுக்குப் பலகையில் போட்டிருக்கும் கார்டு ரேட்தான். அதே நாளில் இன்வாய்ஸையும் நோக்கக் குறியீட்டையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். அப்புறம் "ஆவணம் வரலை" என்று சொல்ல வழியில்லை.

விலை வித்தியாசத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தாமதத்துக்கு ஈடு கேட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.