எந்த லட்சுமியைப் போடுவது?

தெரிந்தவர் மளிகைக் கடை திறக்கிறார். அழைப்பிதழிலும் துணிப்பையிலும் லட்சுமி வேண்டும் என்றார். என் முன்னால் மூன்று லட்சுமிகள் இருந்தார்கள்.

முதலாவது, ரவிவர்மா வரைந்தது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ரவிவர்மா 1906-இல் காலமானார். ஆக, அந்த ஓவியம் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டது. ஆனால் கூகுளில் தேடினால் வருவதெல்லாம் அவருடையதல்ல. முகத்துக்குப் பின்னால் மின்னும் ஒளிவட்டம், கம்ப்யூட்டரில் மெருகேற்றிய நகைகள் இருந்தால், பிற்காலத்தில் யாரோ மாற்றி வரைந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கைவேலைக்கு அவர் உரிமை கோரலாம். பழைய அச்சுப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கோவில்பட்டி கொண்டையராஜு பாணிக் காலண்டர் லட்சுமி. கடைக்காரருக்குப் பிடித்தது இதுதான். அவர் வீட்டுப் பூஜையறையில் இருப்பதும் இந்த முகம்தான். ஆனால் கொண்டையராஜு மறைந்தது 1976-இல். கணக்குப் பார்த்தால் 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. அவருடைய சீடர்கள் வரைந்தவற்றுக்குத் தனிக் கணக்கு. உரிமை வாரிசிடமா, அச்சகத்திடமா என்று தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. "எல்லாரும் போடறாங்களே சார்" என்பது வழக்கு வந்தால் நிற்காது.

மூன்றாவது, கோயிலில் நாமே எடுக்கும் படம். பழைய சிற்பத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது. படம் எடுத்தவருக்கு அந்தப் படத்தின் உரிமை. மூலவரை எடுக்கும் எண்ணமே வேண்டாம். கோயிலுக்குள் செல்போனையே தடுக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெளியே நின்று கோபுரச் சுதைச் சிற்பத்தை எடுக்கலாம். ஆனால் கீழிருந்து எடுத்தால் முகம் சிறுத்து, தாடை பெருத்து வரும்.

என் ஓட்டு ரவிவர்மாவுக்கு. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அழைப்பிதழை இரண்டாக மடித்துப் பார்த்தோம். மடிப்பு தேவியின் கழுத்தில் விழுந்தது. கடைக்காரரின் அம்மா பார்த்ததுமே முகம் சுளித்தார். படத்தைச் சிறிதாக்கி மேல் மடிப்புக்குள் அடக்கினோம், தாமரையும் பாதமும் வெட்டுப்படாமல்.

பைக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழைப்பிதழை நாலு நாள் பத்திரமாக வைப்பார்கள். பையில் மீன் வாங்குவார்கள், கிழிந்தால் கால் துடைப்பார்கள். அதில் தேவி இருந்தால் திட்டு கடைக்காரருக்குத்தான். "அப்போ பை மொட்டையாவா இருக்கும்?" என்றார். ஒற்றைத் தாமரை மட்டும் வரைந்து கொடுத்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல காய்கறி வாங்கலாம்" என்றார்.