ஆயா கழுத்தில் அட்டிகை: வெட்டி ஒட்டுவதா, இன்னொரு கழுத்தில் போட்டு எடுப்பதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா தன் ஆயாவின் பழைய கலர்ப் படத்தைக் கொண்டுவந்தார். படத்தில் வெறுங்கழுத்து, வெறுங்காது. ஆயாவின் அட்டிகையும் ஜிமிக்கியும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. மகள் கல்யாணத்துக்குப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம், நகையோடு. இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன்.

முதல் வழி சுருக்கமானது. நகையை வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுத்து, Photoshop-இல் வெட்டி, Warp-இல் கழுத்துக்கு ஏற்ப வளைத்து, Drop Shadow கொடுப்பது. அரை மணி நேரத்தில் முடிந்தது, பார்த்தால் ஸ்டிக்கர். Drop Shadow எல்லா இடத்திலும் ஒரே தூரம் தள்ளி, ஒரே மென்மையில் விழுகிறது. உண்மையில் அட்டிகை காறை எலும்பில் ஒட்டிக் கிடக்கும். அங்கே நிழல் மெல்லிய, அடர்ந்த கோடு. தொண்டைக்குழியில் தோலை விட்டு எழும்பும். அங்கே நிழல் விலகிப் பரவும். நிறமும் தவறு. தோலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவுவதால் நிழலின் ஓரம் செம்பழுப்பாக இருக்கும். கறுப்பு நிழல் கரி பூசினாற்போல் தெரியும். மோவாய்க்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் நிழலிலிருந்து நிறத்தை எடுத்து, கீழுள்ளதை இருட்டாக்கும் Multiply லேயரில் கையால் தீட்டினால் இதெல்லாம் ஓரளவு சரியாகும்.

சரியாகாதது மினுக்கு. தங்கத்தின் வெளிச்சமும் இருட்டும் அதைச் சுற்றியுள்ள அறையின் பிரதிபலிப்பு. துணியில் கிடந்த அட்டிகை எல்லாப் பக்கமும் வெள்ளையைக் காட்டுகிறது. ஆயாவின் கண்ணில் ஒளிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கிறது. ஆக, நகையும் இடப்பக்கம் மின்னி, வலப்பக்கம் மங்க வேண்டும்.

அதனால் இரண்டாம் வழி. அக்காவின் மகளை அதே சாய்வில் உட்கார வைத்து, இடப்புறம் சன்னல் வருமாறு ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தினேன். தென் அரைக்கோளத்தில் இருக்கும் நம் டர்பனில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். அந்த நேரத்தில் மெத்தென்ற வெளிச்சத்துக்குத் தெற்குச் சன்னல்தான். அட்டிகையோடு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று என இரண்டு படம். நகையுள்ள படத்தின் மேல் நகையில்லாததை Divide-இல் வைத்தால் தோல் நிறம் வெளுத்துப்போய், நிழல் மட்டும் மிஞ்சும். அதை ஆயாவின் தோல்மேல் Multiply-இல் போட்டு, அதன்மேல் வெட்டிய அட்டிகையை வைத்தேன். பிள்ளை மூச்சு விட்டாலே நெஞ்சு நகர்ந்து, நிழலோரத்தில் வெள்ளைக் கோடு விழும். நான்கு முறை எடுத்தபின்தான் பொருந்தியது. தங்கம் தோலில் தெறிக்கும் மஞ்சள் சாயல் Divide-இல் தொலைந்துபோகும். அதை மட்டும் தூரிகையால் லேசாகத் தடவினேன்.

ஜிமிக்கிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தோலை விட்டுத் தொங்குவதால் அதன் நிழல் தனியே, கழுத்தில் கொஞ்சம் தள்ளி, மங்கலாக விழும். வெட்டி ஒட்டி, நிழலைக் கையால் தீட்டினாலே போதும். காது மடலில் தோடு படும் இடத்துக்கு மட்டும் ஓர் அடர்ந்த கோடு வேண்டும்.

இரண்டு வழியிலும் கடைசியில் நகையைச் சற்றே மழுக்கி, பழைய படத்தில் இருக்கும் அளவுக்குப் புள்ளி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நகை மட்டும் புதுப்படமாகத் துருத்தும்.

அக்கா பார்த்துவிட்டு அட்டிகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஆயாவுக்குக் காது ஓட்டை இழுத்துப்போய் இருக்கும் தம்பி, ஜிமிக்கி இன்னும் கீழே வரணும்” என்றார். இறக்கினேன், கழுத்து நிழலையும் கூடவே இறக்க வேண்டியதாயிற்று.