ஒரே கதை, இரண்டு முடிவுகள்: ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் மாங்காவும் இரண்டு அனிமேக்களும்

ஜப்பானியக் காமிக்ஸான மாங்கா நல்லதா, அதை வைத்து எடுக்கும் அனிமே நல்லதா என்ற பேச்சு வந்தால் நான் எடுத்துக்காட்டுவது ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டைத்தான். ஒரே மாங்காவை ஒரே ஸ்டூடியோ, போன்ஸ், ஆறு வருட இடைவெளியில் இரண்டு முறை அனிமேவாக எடுத்தது. முதல் தடவை மாங்கா பாதியில் இருந்தது, இரண்டாவது தடவை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இந்த ஒரு வித்தியாசம் கதையை எந்த அளவுக்கு மாற்றியது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

ஹிரோமு அரகாவா 2001இல் ஒரு மாத இதழில் இதைத் தொடங்கி 2010 ஜூனில் முடித்தார். மொத்தம் 27 தொகுதிகள், 108 அத்தியாயங்கள். இறந்த அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று அண்ணன் எட்வர்டு ஒரு கையையும் ஒரு காலையும், தம்பி அல்போன்ஸ் உடல் முழுவதையும் இழக்கிறார்கள். இழந்ததை மீட்க அவர்கள் போகும் பயணம்தான் கதை. முதல் அனிமே 2003 அக்டோபரில் ஒளிபரப்பானபோது கடைகளில் சுமார் ஆறு தொகுதிகள்தான் இருந்தன. மாதத்துக்கு ஓர் அத்தியாயம் வருகிற மாங்காவை, வாரத்துக்கு ஓர் எபிசோடு என்று ஓடும் அனிமே சீக்கிரமே முந்திவிடும். 51 எபிசோடுகளை நிரப்ப வேண்டும், ஆனால் கையில் அவ்வளவு கதை இல்லை.

இப்படி மாட்டிக்கொள்ளும் அனிமேக்கள் வழக்கமாக ஃபில்லர், அதாவது மாங்காவில் இல்லாத இட்டு நிரப்பும் கதைகள், போட்டு நேரம் கடத்தும். நருடோவின் முதல் தொடரில் 136ஆவது எபிசோடிலிருந்து 219 வரை அதுதான் நடந்தது. ஃபில்லரைக் கண்டுபிடிப்பது எளிது. புதிதாக ஒருவர் வருவார், பெரிய சண்டை நடக்கும், கடைசியில் நாயகன் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பான், வந்தவரைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 2003 தொடரிலும் அப்படிச் சில உண்டு. சைரன் என்ற பெண் திருடி வரும் பத்தாவது எபிசோடைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறையாது.

ஆனால் இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவும் திரைக்கதை எழுதிய ஷோ அய்காவாவும் முழுக்க அந்த வழியில் போகவில்லை. இருந்த கதையை நிதானமாக விரித்தார்கள், நடுவழியில் தங்களுடைய பாதைக்குத் திரும்பினார்கள். அந்த நிதானம்தான் 2003 தொடரின் பெரிய பலம்.

நீனாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காவில் அது ஐந்தாம் அத்தியாயம். எட்வர்டு ஏற்கெனவே அரசு ரசவாதி. சிறுமி நீனாவின் அப்பா டக்கரும் ஒரு ரசவாதி. அவருடைய வீட்டு நூலகத்தைப் பார்க்க வருகிறான், ஓரிரு நாளில் டக்கர் தன் மகளையே நாயோடு இணைத்து மிருகமாக்கிவிடும் கொடுமை நடந்துவிடுகிறது. 2003 தொடரில் காலத்தையே பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். எட்வர்டு இன்னும் தேர்வு எழுதவில்லை. அதற்குப் படிக்க அண்ணன் தம்பி இருவரும் டக்கர் வீட்டிலேயே தங்குகிறார்கள், நீனா அவர்களுக்குத் தங்கையைப் போல ஆகிவிடுகிறாள். அந்த நாட்களில்தான் சகோதரர்களுக்கு நெருக்கமான ராணுவ அதிகாரி ஹ்யூஸின் மகள் எலீசியாவும் பிறக்கிறாள். பிரசவ நேரத்தில் சகோதரர்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆக ஒரே மாற்றத்தில் இரண்டு துயரங்களுக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. ஹ்யூஸ் டெலிபோன் பூத்தில் சுடப்பட்டு இறப்பது மாங்காவில் 15ஆம் அத்தியாயம். 2003 தொடரில் அது 25ஆவது எபிசோடு. 2009இல் வந்த இரண்டாவது அனிமேவான பிரதர்ஹுட்டில் பத்தாவது எபிசோடு. மூன்றிலும் சாவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உருமாறக்கூடிய கொலையாளி தன் மனைவியின் முகத்தோடு நிற்பதைப் பார்த்து ஹ்யூஸ் தயங்கும் அந்த நொடி மூன்றிலும் உலுக்கும். ஆனால் அடக்கத்தின்போது எலீசியா 'அப்பாவை ஏன் மண்ணுக்குள் புதைக்கிறார்கள்' என்று அழுவது 2003இல்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து நாம் கூடவே இருந்திருக்கிறோம்.

பிரதர்ஹுட் ஆரம்பத்தில் ஓடுகிறது என்று பலர் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டால் 108 அத்தியாயம், 64 எபிசோடு. தொடக்கத்திலும் பின்பாதியிலும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மாங்காவின் முதல் அத்தியாயங்கள் தனித்தனிக் கதைகள், அதனால் அங்கே எதை வெட்டினாலும் இழப்பு உடனே தெரிகிறது. யூஸ்வெல் சுரங்க ஊர்க் கதை மூன்றாம் அத்தியாயம். தொழிலாளிகளைச் சுரண்டும் யோக்கி என்ற அதிகாரியை எட்வர்டு ஏமாற்றி வீழ்த்துவான். 2003 தொடரில் ஒன்பதாவது எபிசோடு முழுவதும் இதுதான். பிரதர்ஹுட் அதை அந்த இடத்தில் விட்டுவிட்டது. ஆனால் யோக்கி பின்னால், அரசு ரசவாதிகளைக் கொல்லும் ஸ்காரோடு ஊர் ஊராகச் சுற்றப்போகிறவன். அதனால் அவனுடைய பழங்கதையைப் பழைய மௌனப் படம் மாதிரி ஒரு துண்டாகக் காட்டிச் சமாளித்தார்கள். மாங்கா படித்தவர் சிரிப்பார், புதிதாகப் பார்ப்பவருக்கு 'யார் இந்த ஆள்' என்றுதான் தோன்றும். முதல் தொடரைப் பார்த்தவர்கள்தானே என்று நினைத்து ஆரம்பத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து. அப்படிச் சுருக்கியவர்கள் முதல் எபிசோடுக்கு மாங்காவில் இல்லாத ஐசக் என்ற பனி ரசவாதியைக் கொண்டுவந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, முடிவுக்கு வருவோம். பிரிவினை உண்மையில் கதையின் எதிரிகளான செயற்கை மனிதர்கள், ஹோமன்குலஸ்களிடமிருந்தே தொடங்குகிறது. மாங்காவில் அவர்கள் 'தந்தை' என்ற ஒருவன் தன்னிடமிருந்து பிரித்தெடுத்த ஏழு பாவங்கள். 2003இல் அவர்கள் இறந்தவரை உயிர்ப்பிக்க முயன்று தோற்றவர்கள் உண்டாக்கிய உயிர்கள். அதனால் மாங்காவில் சுரங்கம் தோண்டும் ராட்சசனாக வரும் ஸ்லாத், 2003இல் எட்வர்டும் அல்போன்ஸும் உயிர்ப்பிக்க முயன்ற அம்மாவின் முகத்தோடு வருகிறாள். அவளை அழிக்க வேண்டியவன் எட்வர்டு. இது ஃபில்லர் இல்லை. அரகாவா போட்ட விதையிலிருந்து முளைத்த வேறொரு மரம், சில இடங்களில் மாங்காவைவிட ஆழமாகக் குத்துகிற மரம்.

ஆனால் கடைசியில் 2003 தொடர் தடுமாறுகிறது. ரசவாதத்தின் சக்திக்கு மூலமான கதவின் மறுபக்கம் நம்முடைய உலகம்தான் என்று வருகிறது. டான்டே என்ற வில்லி கடைசிக் கட்டத்தில்தான் முழுதாக வெளிப்படுகிறாள், அவளை வெறுக்கவே நமக்கு நேரம் போதவில்லை. எட்வர்டு தன்னையே கொடுத்துத் தம்பியை மீட்கிறான். அல்போன்ஸுக்குப் பத்து வயது உடல் திரும்புகிறது, பயணத்தின் நினைவு ஒன்றும் இல்லை. அண்ணன் 1921ஆம் ஆண்டு மியூனிக்கில் இருக்கிறான். முடிச்சை அவிழ்க்க 2005இல் ஒரு திரைப்படம் தேவைப்பட்டது.

மாங்காவில் தம்பியை மீட்க எட்வர்டு விலையாகக் கொடுப்பது தன்னுடைய கதவை, அதாவது ரசவாதம் செய்யும் திறனையே. முதல் பக்கத்திலிருந்து அவன் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அது. கை திரும்பிவிட்டது, இடது கால் கடைசி வரை இரும்புதான். 27 தொகுதிகளும் இந்த ஒரு பேரத்துக்காகவே எழுதப்பட்டதைப் போல இருக்கும். பிரதர்ஹுட்டின் கடைசி எபிசோடு 2010 ஜூலை 4 அன்று ஒளிபரப்பானது, மாங்கா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த முடிவை அது அப்படியே காப்பாற்றியது.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மாங்காவைப் படியுங்கள். இரண்டுக்கு நேரம் இருந்தால் 2003 தொடரை முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு மாங்காவுக்குப் போங்கள். முதல் 25 எபிசோடு 2003இல், மீதி பிரதர்ஹுட்டில் என்று ஒட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஹோமன்குலஸ்களின் பிறப்பே இரண்டிலும் வேறு என்பதால், தாவிய இடத்திலிருந்து யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்பதே குழம்பிவிடும்.