நைட் ஷிஃப்ட் பார்ப்பவரிடம் எந்த நேரம் கேட்பது: காலை ஆறா, பதினொன்றா, மாலை நாலரையா?

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீசன் மே மாதவாக்கில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. சீசன் தொடங்கும் முன், அங்குள்ள துணை மின்நிலையத்தில் எந்த ஃபீடர் லைனை எந்த நாளில் பராமரிப்புக்கு ஷட்டவுன் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். திட்டம் போடுவது நாகர்கோவில் ஆபீஸில் பகல் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள். ஆனால் எந்த ஃபீடர் அடிக்கடி டிரிப் ஆகிறது, எந்த பிரேக்கர் தகராறு செய்கிறது என்பதெல்லாம் அங்கே ஷிஃப்ட் பார்க்கும் ஆபரேட்டருக்குத்தான் தெரியும். லாக்புக்கைப் புரட்டினால் பாதிதான் கிடைக்கும்; மீதிக்கு அவரோடு நாற்பது நிமிடமாவது பேச வேண்டும். அவரோ அந்த வாரம் சி ஷிஃப்ட், அதாவது இரவு 10 முதல் காலை 6 வரை.

எந்த நேரத்தைக் கேட்பது என்று யோசிக்கும் முன் அவருடைய ஒரு நாளை எழுதிப் பார்க்கலாம். வீடு தக்கலையில். காலை 6 மணிக்கு அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, பைக்கில் நாகர்கோவில் வழியாக முப்பது கிலோமீட்டர் வந்து சேர ஏழேகால் ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டுப் படுக்கும்போது எட்டேகால். எல்லாம் ஒத்துழைத்தால் பிற்பகல் 2, 3 மணி வரை தூங்கலாம். ஆனால் பகல் தூக்கம் ராத் தூக்கம் போல நீளாது. வெளிச்சமும் வெயிலும் ஏற ஏற, உடம்பின் கடிகாரம் விழிக்கும் நேரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மீன்காரரின் ஹாரன், பக்கத்துத் தெருவில் திருவிழா மைக்செட் என்று வேறு இருக்கும். இரவில் ஏழு மணி நேரம் தூங்குகிறவருக்குப் பகலில் ஐந்து, ஆறு கிடைத்தாலே பெரிது. ராத்திரி 8.45-க்கு மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். ஆக, அவருக்கென்று இருப்பது பிற்பகல் 3-லிருந்து 8.45 வரைதான். பிள்ளைகளைப் பார்ப்பதும் சந்தைக்குப் போவதும் எல்லாம் அதற்குள்ளேதான்.

இப்போது ஒவ்வொரு நேரமாக எடுத்துப் பார்ப்போம்.

பலருக்கும் முதலில் தோன்றுவது காலை 6 மணி. “ஷிஃப்ட் முடிஞ்ச கையோட பேசிடலாம், அவரும் சைட்லதானே இருக்கார்” என்பார்கள். யோசனை சரிபோலத்தான் தெரியும். தூக்கத்தைக் கலைக்கவில்லை, தனியாக வரச் சொல்லவும் இல்லை. ஆனால் முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்கு எழுந்தவர் காலை 6-க்குப் பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறார். 7 மணிக்குப் பதினேழு. 1990-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகளில், பதினேழு மணி நேரத்துக்குக் குறையாமல் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. அந்த நிலையில் நாற்பது நிமிடம் உட்காரவைத்து ஷட்டவுன் தேதிகளைக் கேட்டால், எதைச் சொன்னாலும் “சரி, போட்டுக்குங்க” என்றுதான் பதில் வரும். ஒப்புதல்போல இருக்கும், ஒரு வாரம் கழித்து அதே ஆள் “அந்தத் தேதியில எப்படி முடியும்?” என்று கேட்பார். அது அவர் குறையல்ல. அதைவிடப் பெரிய விஷயம், கூட்டம் முடிந்து, வெயில் ஏறிய பிறகு, நாகர்கோவில் நெரிசலில் அவர் பைக் ஓட்டி வீடு போக வேண்டும். இரவில் நடந்த டிரிப் பற்றி ஐந்து நிமிடம் கேட்பதற்குக் காலை ஆறு சரி. திட்டம் போட ஆகாது.

அடுத்தது காலை 11. ஆபீஸுக்கு மிக வசதியான நேரம். அவருக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. நமக்கு ராத்திரி இரண்டரை மணிக்கு அழைப்பு வந்தால் எப்படியோ, தூங்கப் போய் மூன்று மணி நேரம்கூட ஆகாதவருக்குப் பகல் 11 அப்படி. குளச்சலிலோ முட்டத்திலோ ராத்திரி கடலுக்குப் போய்விட்டு விடிந்து கரையேறியவரைப் பகலில் யாரும் தட்டி எழுப்புவதில்லை. அந்தப் புரிதல் ஷிஃப்ட்காரர் விஷயத்தில் மட்டும் ஏனோ நமக்கு வருவதில்லை. தூக்கத்தின் நடுவே எழுப்பினால் மூளை தெளிய அரை மணி நேரம் பிடிக்கலாம், சில சமயம் அதற்கு மேலும். கூட்டம் முடிந்து மறுபடி படுத்தாலும் தூக்கம் திரும்ப வராது. அன்றிரவு 3, 4 மணிக்கு ஸ்விட்ச்யார்டில் நிற்கும்போதுதான் அந்த நஷ்டம் தெரியும்.

“அப்படியானால் மதியம் 2 மணி?” இது நல்லெண்ணத்தில் கேட்கப்படுவது. ஆனால் 2 மணிக் கூட்டத்துக்கு ஒன்றரைக்கு அலாரம் வைக்க வேண்டும். அலாரம் வைத்துத் தூங்குகிறவர் ஒன்றரை வரை தூங்குவதில்லை. பன்னிரண்டரைக்கே முழித்து மணி பார்ப்பார். சி ஷிஃப்ட் வாரத்தில் தானாக முழிப்பு வரட்டும் என்று விடுவதுதான் பெரிய உதவி.

அதனால் அந்த வாரத்துக்குள் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு மாலை 4.30. எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, தலை தெளிந்திருக்கும். ஆபீஸிலும் நாம் இருப்போம். இதற்கும் இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, போனிலோ வீடியோவிலோதான். ஆபீஸுக்கு வரச் சொன்னால் போக வரப் பயணத்திலேயே அவருடைய சாயங்காலம் போய்விடும். இரண்டு, வாரத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் கூடாது.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சி ஷிஃப்ட் திங்கள் இரவு தொடங்கிச் சனி இரவு வரை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை எல்லாரையும் போல எழுந்திருப்பார். அன்றிரவு முழுக்க விழித்திருக்க வேண்டும் என்பதால் பிற்பகலில் ஓரிரண்டு மணி நேரம் படுத்து எழுவார். பழகிய ஷிஃப்ட்காரர்கள் இதை விடவே மாட்டார்கள். திங்கள் பிற்பகலில், “இன்னும் நைட் ஆரம்பிக்கலையே” என்று நாம் கூட்டம் வைத்தால் அந்தத் தூக்கம் போச்சு. கடைசியில் ஞாயிறு காலை 6-க்கு ஷிஃப்ட் முடிகிறது. ரோஸ்டரில் ஞாயிறு ‘ஆஃப்’ என்று இருக்கும். திங்கள் காலை 6-க்கு ஏ ஷிஃப்ட் தொடங்குகிறது என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் தூங்கி, மதியமே எழுந்து, ராத்திரி சீக்கிரம் படுத்துக் கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். அது லீவு நாள் இல்லை. ஆக, 4.30 பொருந்துவது செவ்வாய் முதல் சனி வரை.

இன்னொரு வழி, நாம் அவர் நேரத்துக்குப் போவது: இரவு 10.45. பொறுப்பேற்று, மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். லாக்புக் கையிலேயே இருக்கும். அவர் தூக்கத்தையும் சொந்த நேரத்தையும் தொடாத ஒரே நேரம் இதுதான். சம்பள நேரத்துக்குள் வருகிறது என்பதும் நியாயம். எனக்குப் பிடித்த வழிதான், ஆனால் நாற்பது நிமிடப் பேச்சுக்கு இல்லை. ஃபீடர் டிரிப் ஆனால் அவர் போனை வைத்துவிட்டு ஓட வேண்டும், பேச்சு அறுந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் முடிவதானால் 4.30-ஐவிட இதுவே மேல். நள்ளிரவு தாண்டியும் இழுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நல்லது, காத்திருக்க முடிந்தால், பி ஷிஃப்ட் வாரம். பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை வேலை. வீடு வந்து படுக்கப் பன்னிரண்டரை ஆகும், எழ ஏழரை, எட்டு. காலை 10.30 அவருக்கும் தெளிவான நேரம், நமக்கும் ஆபீஸ் நேரம். ஷட்டவுன் திட்டம் போன்ற பெரிய பேச்சை ரோஸ்டரைப் பார்த்து பி வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஏ ஷிஃப்ட் வாரம் பகல் வேலைதானே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காலை 6-க்கு அங்கே நிற்க அவர் நாலு மணிக்கே எழுகிறார். அந்த வாரத்தில் இரவு 8 மணிக் கூட்டம், சி வாரத்தின் காலைக் கூட்டம் அளவுக்கே தூக்கத்தைத் தின்னும்.

நேரம் முடிவானால் கேட்கும் விதம். “அண்ணே, எப்ப வசதி?” என்று கேட்பது மரியாதைபோலத் தெரியும். ஆனால் ரோஸ்டரைப் பார்த்துக் கணக்குப் போடும் வேலையை அது அவர் தலையிலேயே வைக்கிறது. அதோடு, ஆபீஸிலிருந்து கேட்கிறார்கள் என்பதால் பெரும்பாலானோர் நமக்கு வசதியான நேரத்தையே சொல்லிவிடுவார்கள், தூக்கத்தை விட்டுக்கொடுத்து. நாமே கணக்குப் போட்டு இரண்டு நேரம் சொல்வது நல்லது. நாள் குழப்பமும் வரக் கூடாது. ‘செவ்வாய் நைட்’ முடிவது புதன் காலையில். வெறுமனே ‘செவ்வாய்க்கு அப்புறம்’ என்று எழுதினால் ஒருவர் ஒரு நாளும் மற்றவர் வேறு நாளும் நினைத்துக்கொள்வார்கள். நான் இப்படி எழுதுவேன்:

“அண்ணே, ஏப்ரல் ஷட்டவுன் தேதி பற்றி 40 நிமிஷம் பேசணும், போன்ல போதும். ஒண்ணு: இந்தப் புதன் மாலை 4.30, செவ்வாய் நைட் முடிஞ்சு நீங்க தூங்கி எழுந்த பிறகு. ரெண்டு: உங்க அடுத்த பி ஷிஃப்ட் வாரத்தில் செவ்வாய் காலை 10.30. ரெண்டாவது வரைக்கும் எங்களுக்கு அவசரம் இல்லை. ரெண்டும் சரிப்படலைன்னா வேற சொல்லுங்க. காலையில் போன் பண்ண மாட்டேன்.”

‘அவசரம் இல்லை’ என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். அதுதான் அவரைத் தள்ளிவைக்கத் துணிய வைக்கும்.

இந்தச் செய்தியை அனுப்பும் நேரத்தையும் பார்க்க வேண்டும். வீட்டில் வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருப்பதால் பலர் பகலில் போனை சைலன்ட்டில் போடுவதில்லை. காலை 10 மணிக்கு, “தூங்குறீங்களா அண்ணே, தொந்தரவு இல்லையே” என்று வாட்ஸ்அப் அனுப்பினால் அந்தச் சத்தமே எழுப்பிவிடும். மாலை 4-க்குப் பிறகு அனுப்பலாம். மெயில் என்றால் ஜிமெயிலில் `Schedule send` கொடுத்து மாலைக்கு வைத்துவிடலாம். ஆபரேட்டர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது சாதாரணம், ரோஸ்டர் தாளில் அது உடனே ஏறாது. அதனால் முந்தின நாள் மாலையில் ஒரு வரி கேட்டுக்கொள்ள வேண்டும்: “நாளைக்கும் நைட்தானே அண்ணே?” ‘இல்லை, டபுள் பார்த்துட்டு வந்தேன்’ என்று பதில் வந்தால், அந்தக் கூட்டத்தைத் தள்ளிவைக்கும் வேலை நம்முடையது, அவராகக் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.